பின்னணிக் குரலுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம், ஆவணப்படம், அருங்காட்சியக ஒலிவழிகாட்டி என்று எதற்குக் குரல் பதிவு செய்தாலும், எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உரையை எடுத்துக்கொண்டோம்: 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றிய ஒரு நிமிட விவரணை. குறிகள் எதுவும் போடாத நிலையில் அது இப்படி இருக்கும்:

> 1. வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் முனையில் ஓர் ஊர் இருந்தது.
> 2. ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர்.
> 3. எழும்பூரில் ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னாருக்குப் போனார்கள்.
> 4. 1964 டிசம்பர் 22. நள்ளிரவை நெருங்கும் நேரம்.
> 5. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
> 6. கடல் எழுந்து வந்தது.
> 7. அந்த ரயில் போய்ச் சேரவில்லை.
> 8. ஊரும் மிஞ்சவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.
> 9. தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. கூரை மட்டும் இல்லை.

நல்ல வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட்டுன்னா ஸ்கிரிப்டைப் பார்த்தே புரிஞ்சுக்க மாட்டாரா? குறிப்பு வேற எதுக்கு?

வார்த்தைகளின் பொருள் அவருக்குப் புரியும். உங்கள் மனத்தில் ஓடும் படம் அவருக்குத் தெரியாது. ஏழாவது வரிக்குப் பிறகு திரையில் இடிந்த ரயில் நிலையம் மூன்று விநாடி வரப்போகிறது என்பதோ, ஒன்பதாவது வரியோடு படமே முடிகிறது என்பதோ தாளில் இல்லை. அது தெரியாமல் படித்தால் ஏழும் எட்டும் ஒரே மூச்சில் ஒட்டிக்கொள்ளும். கடைசி வரி நடுவில் நின்றுபோன மாதிரி கேட்கும்.

குறிப்பில் எழுத வேண்டியதும் இதுதான்: தாளைப் பார்த்து அவரால் ஊகிக்க முடியாதவை. முற்றுப்புள்ளி வந்தால் நிறுத்த வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லத் தேவையில்லை. புள்ளி இருந்தும் நிறுத்தக் கூடாத இடம், புள்ளி இல்லாமலே நிறுத்த வேண்டிய இடம், வழக்கத்தைவிட நீளமாக நிறுத்த வேண்டிய இடம் ஆகியவற்றைச் சொன்னால் போதும்.

குறி போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏதாவது செய்யணுமா?

உரையை வாய்விட்டுப் படியுங்கள், போனில் பதிவு செய்தபடி. நாக்கு தடுக்கும் இடத்தில் குறி போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள். மூச்சு போதாத வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தக் குறி போடுவதைவிட அதை இரண்டாக உடைப்பது நல்லது.

பிறகு எண்களை எழுத்தில் எழுதுங்கள். நான்காவது வரியில் '1964' என்று கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவது வாயில் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு' என்று நான்கு சொல்லாக நீளும். இலக்கமாகவே விட்டால் ஒருவர் இப்படிப் படிப்பார், இன்னொருவர் 'நைன்டீன் சிக்ஸ்டி ஃபோர்' என்பார். பதிவு நாளன்று இதைப் பேசி முடிவு செய்வது வீண் நேரம். தேதியையும் 'இருபத்திரண்டு' என்று எழுதிவிடுங்கள். சுருக்கெழுத்துகளும் அப்படியே: கி.மீ. என்பதைக் கிலோமீட்டர் என்று விரியுங்கள்.

ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை வரும்? இங்கிலீஷ்ல 150ங்கிறாங்களே?

அந்தக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல்லாக இருப்பது தமிழில் 'போய்க்கொண்டிருந்தது' என்று ஒரே சொல்லாகிவிடும். ஆவணப்பட நிதானத்தில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் என்று வைத்துத் தொடங்கலாம். ஆனால் இது தோராயம்தான். உங்கள் உரையில் நீண்ட வினைச்சொற்கள் அதிகமென்றால் 80-க்கும் கீழே இறங்கும்.

நம் உரையில் ஆண்டை எழுத்தில் விரித்தபின் 65 சொல் இருக்கிறது. படிக்க மட்டும் 45 விநாடி போல ஆகும். மீதி 15 விநாடியை நிறுத்தங்களுக்கு ஒதுக்கினால் ஒரு நிமிடம். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் படத்துக்கு 95 சொல் எழுதி, அதன்மேல் நிறுத்தக் குறிகளையும் அள்ளித் தெளித்தால், படிப்பவர் குறிகளைக் காப்பாற்ற வார்த்தைகளை விழுங்குவார். கேட்கும்போது அவர் அவசரப்படுவது போலத் தெரியும். தவறு அவருடையதல்ல.

நிறுத்தத்துக்கு என்ன குறி போடறது? ஏதாவது ஸ்டாண்டர்ட் இருக்கா?

எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை என்று கிடையாது. பரவலாகப் புழங்குவது சாய்கோடு. ஒற்றைக் கோடு ( / ) அரை விநாடி, இரட்டைக் கோடு ( // ) ஒரு விநாடி. அதைவிட நீளமென்றால் அடைப்புக்குறிக்குள் எண்ணாகவே எழுதுங்கள்: [3 விநாடி]. மூன்று கோடு, நான்கு கோடு என்று போனால் படிக்கும் வேகத்தில் எண்ண முடியாது. எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதை முதல் பக்கத்தின் தலையில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

'சற்று நிறுத்தவும்', 'நல்ல இடைவெளி' போன்றவை வேண்டாம். ஒருவருடைய 'சற்று' இன்னொருவருக்கு இரண்டு விநாடி.

இன்னொன்றையும் குறியோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்: ஒற்றைக் கோட்டில் மூச்சு இழுக்கக் கூடாது, இரட்டைக் கோட்டில் இழுக்கலாம். அரை விநாடி இடைவெளியில் இழுக்கும் மூச்சு மைக்கில் 'ஹக்' என்று விழும். அடுத்த சொல்லோடு ஒட்டியிருப்பதால் எடிட்டிங்கில் வெட்டி எடுப்பதும் கஷ்டம்.

சாய்கோட்டை எந்த இடத்துல போடணும்னு எப்படித் தெரியும்? நான் போட்ட இடத்துல நிறுத்தினா ஏதோ உடைஞ்ச மாதிரி இருக்கு.

பெரும்பாலும் பெயரெச்சத்தையும் பெயரையும் பிரித்திருப்பீர்கள். ஐந்தாவது வரியில் 'பாம்பனிலிருந்து புறப்பட்ட / பயணிகள் ரயில்' என்று போட்டால் கேட்பவர் அந்தரத்தில் நிற்பார். 'புறப்பட்ட' என்ற சொல் ஒரு பெயரைத் தேடிக்கொண்டே இருக்கும். 'பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் /' என்று பெயர் வந்தபின் நிறுத்துங்கள். முதல் வரியிலும் 'சந்திக்கும்' என்பதில் நிற்க முடியாது, 'முனையில்' வந்ததும் நிற்கலாம்.

வினையெச்சத்துக்குப் பிறகு நிறுத்துவது தமிழுக்கு இயல்பு. 'இங்கே இறங்கி, /' என்றால் ஒரு செயல் முடிந்தது, அடுத்தது வரப்போகிறது என்று காதுக்குத் தெரியும். 'என்று' என்ற சொல்லைப் பொறுத்தவரை நிறுத்தம் அதற்குப் பின்னால்தான். 'தகுதியற்ற இடம் என்று / அரசு அறிவித்தது' சரி. 'தகுதியற்ற இடம் / என்று அரசு அறிவித்தது' என்றால் யாரோ பேசியதை மேற்கோள் காட்டுவது போல ஆகிவிடும். சில இடங்களில் அதுவே வேண்டியிருக்கலாம், ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

நிறுத்தம் பொருளையே மாற்றும் இடங்களும் உண்டு. 'பழைய ரயில் நிலையக் கட்டடம்' என்பதில் பழையது நிலையமா கட்டடமா? 'பழைய / ரயில் நிலையக் கட்டடம்' என்றால் கட்டடம் பழையது. 'பழைய ரயில் நிலைய / கட்டடம்' என்றால் அந்த நிலையமே இப்போது வேறிடத்துக்குப் போய்விட்டது என்று படுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் குறி கட்டாயம் வேண்டும்.

மேல சொன்ன உதாரணத்துல 'நிலையக் கட்டடம்' ஒரு இடத்துல 'நிலைய / கட்டடம்'னு மாறியிருக்கே, எழுத்துப் பிழையா?

பிழை இல்லை, வேண்டுமென்றேதான். இரண்டு சொல் சேர்ந்து ஒலிப்பதால்தான் நடுவில் அந்த ஒற்று மிகுகிறது. நடுவில் நிறுத்தினால் ஒற்றுக்கு வேலை இல்லை. தாளில் 'தலைமன்னாருக்குப் / போனார்கள்' என்று இருந்தால், படிப்பவர் 'தலைமன்னாருக்குப்' என்று உதட்டை மூடி, அரை விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு 'போனார்கள்' என்று திறப்பார். திக்குவது போலக் கேட்கும். சிலர் ஒற்றைக் காப்பாற்ற உங்கள் நிறுத்தத்தையே கைவிட்டுவிடுவார்கள்.

ஆகவே கோடு போட்ட இடத்தில் வல்லின ஒற்றை எடுத்துவிடுங்கள்: 'தலைமன்னாருக்கு / போனார்கள்'. அச்சில் இது தவறு, ஒலிப்பதிவுத் தாளில் இதுதான் சரி. அதே உரையை வசன வரியாகத் திரையிலும் போடப்போகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுத் தாளை அப்படியே நகலெடுத்துத் திரையில் போட்டு, ஒற்றுப்பிழைக்காகத் திட்டு வாங்குவது சாதாரணமாக நடக்கிறது.

கமா போட்ட இடத்துல எல்லாம் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாங்க. பட்டியல் வந்தா மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு.

இரண்டாவது வரியில் மூன்று காற்புள்ளி இருக்கிறது. மூன்றிலும் ஒரே அளவு நின்று, ஒவ்வொன்றிலும் குரலை ஒரே மாதிரி இறக்கினால் மளிகைப் பட்டியல்தான். காற்புள்ளி இலக்கணத்துக்காகப் போட்டது, மூச்சுக்காக அல்ல என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

முதல் இரண்டையும் சேர்த்துக் கட்டுங்கள், மூன்றாவதற்கு முன் சிறு இடம் விடுங்கள், கடைசியை 'எல்லாம்' என்ற சொல்லோடு ஓட விடுங்கள்: 'ரயில் நிலையம் தபால் நிலையம் / தேவாலயம் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர்'. காற்புள்ளிகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு கோடு. முதல் இரண்டும் 'நிலையம்' என்று முடிவதால் தாமாகவே ஜோடி சேரும். மூன்றாவதாக வரும் தேவாலயம் தனியாகக் காதில் விழும். அது முக்கியம், ஏனென்றால் கடைசி வரியில் அதே தேவாலயம் திரும்பி வருகிறது.

அழுத்தம் கொடுக்க வேண்டிய வார்த்தைக்கு அடிக்கோடு போட்டா போதுமா?

தமிழ் எழுத்துக்கு அடிக்கோடு ஆகாது. கு, ழு, ளு, பூ போன்றவற்றின் கால்கள் வரிக்குக் கீழே இறங்குகின்றன. கோடு அவற்றை வெட்டிக்கொண்டு போகும். மங்கிய விளக்கில் 'ழு' எது, 'ழ' எது என்று தெரியாமல் தடுமாற்றம் வரும். தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது கையால் சொல்லைச் சுற்றி வட்டம் போடுங்கள். வண்ணம் வேண்டாம், யாராவது கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் குறிப்பு முழுவதும் காணாமல் போகும்.

எப்படி அழுத்துவது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். அழுத்தம் என்றாலே சத்தத்தைக் கூட்டுபவர்கள் பலர். தமிழில் அப்படி ஒரு சொல்லைத் தூக்கி அடித்தால் மேடைப்பேச்சு வாடை வந்துவிடும். சொல்லுக்கு முன் சின்ன இடம் விடுவதும், சொல்லைக் கொஞ்சம் மெதுவாக்குவதும் பெரும்பாலும் போதும். 'முன்னால் இடம், சத்தம் கூட்ட வேண்டாம்' என்று ஓரத்தில் எழுதுங்கள்.

எந்த வார்த்தையை அழுத்தணும்னு எப்படி முடிவு பண்றது? எனக்கு எல்லாமே முக்கியமாத்தான் தெரியுது.

அழுத்தினால் கேட்பவர் மனத்தில் என்ன கேள்வி எழுகிறது என்று பாருங்கள். ஏழாவது வரியில் 'அந்த' என்ற சொல்லை அழுத்திப் பாருங்கள்: 'அந்த ரயில் போய்ச் சேரவில்லை'. அப்படியானால் வேறு ரயில்கள் போய்ச் சேர்ந்தனவா? நீங்கள் சொல்லாத ஒரு செய்தி உள்ளே வந்துவிட்டது. 'ரயில்' என்பதை அழுத்தினால் பேருந்து போனதோ என்று தோன்றும். 'சேரவில்லை' என்பதை அழுத்தினால் யாரோ 'சேர்ந்தது' என்று வாதிட, அதை மறுப்பது போல் இருக்கும். ஆக இந்த வரியில் எதையும் அழுத்தக் கூடாது. 'சமமாக' என்று மட்டும் எழுதுங்கள்.

அழுத்தம் பல நேரம் உரையிலேயே இருக்கும். 'ஊரும் மிஞ்சவில்லை' என்பதில் 'உம்' அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதே போலத்தான் '-தான்', '-ஏ'. இவை வரும் சொல்லுக்குத் தடித்த எழுத்தும் போட்டால் இரட்டிப்பு. மாறாகக் கடைசி வரியில் குறி கட்டாயம் வேண்டும். 'கூரை மட்டும் இல்லை' என்று பார்த்ததும் பலர் 'மட்டும்' என்பதைத்தான் அழுத்துவார்கள், அந்தச் சொல்லே அப்படி இழுக்கும். ஆனால் காட்சியில் சுவர் இருக்கிறது, மேலே வானம் தெரிகிறது. அழுத்தம் 'கூரை' மீது விழ வேண்டும்.

முதல் வரியின் 'இருந்தது' என்பதையும் பலர் அழுத்தச் சொல்வார்கள், இறந்தகாலம் அல்லவா என்று. அழுத்தினால் ஊர் அழிந்த கதை முதல் வரியிலேயே வெளிவந்துவிடும். ஆறாவது வரியில் வர வேண்டிய கடல் முன்கூட்டியே வந்த மாதிரி. அதைச் சாதாரணமாகவே சொல்லச் சொல்லுங்கள்.

'சோகமாக'ன்னு எழுதினா அழுகிற மாதிரி படிக்கிறாங்க. வேற என்ன எழுதறது?

'சோகமாக' என்பது விளைவின் பெயர். கேட்பவருக்கு வர வேண்டியது அது. படிப்பவரிடம் அதையே கொடுத்தால் அவர் தெரிந்த வழியில் அதை உண்டாக்குவார்: குரலில் நடுக்கம், ஒவ்வொரு சொல்லுக்கும் இழுவை, மூச்சோடு கலந்த பேச்சு. அப்படிச் செய்தால் துக்கப்படுவது அவராகிவிடுகிறார், கேட்பவருக்கு வேலை இல்லை.

அதற்குப் பதிலாக இரண்டு விஷயம் எழுதுங்கள். ஒன்று, அவர் யாரிடம், எந்த நிலையில் சொல்கிறார். இரண்டு, குரலால் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். ஏழாவது வரிக்கு 'சோகமாக' என்பதற்குப் பதில் 'இதைப் பலமுறை சொன்னவர், மறுபடியும் சொல்கிறார். குரல் தாழ்வு, வேகம் குறைய வேண்டாம்' என்று எழுதலாம். முதல் வரிக்கு 'மகிழ்ச்சியாக' என்று எழுதினால் விளம்பரக் குரல் வந்துவிடும். 'வெளியூரிலிருந்து வந்த உறவினருக்கு ஊரைச் சுற்றிக்காட்டுவது போல' என்றால் வராது. ஆறாவது வரிக்குப் 'பயங்கரமாக' வேண்டாம். 'கண்ணால் பார்த்ததை அப்படியே சொல்வது போல, சின்னக் குரலில்' போதும். கடலின் பயங்கரத்தை ஒலியும் படமும் பார்த்துக்கொள்ளும்.

'வேகம் குறைய வேண்டாம்' என்று சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. குரலைத் தாழ்த்தச் சொன்னால் வேகமும் தானாக இறங்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் இரங்கல் செய்தியாகிவிடும்.

உணர்ச்சி எவ்வளவு வேணும்னு அளவு சொல்ல முடியுமா?

முடியும், 0 முதல் 3 வரை எண் போடுங்கள். 0 என்றால் தகவல் மட்டும், 3 என்றால் குரலே மாறும் அளவு. நம் உரையில் எங்குமே 2-ஐத் தாண்ட வேண்டியதில்லை. 1 முதல் 3 வரையுள்ள வரிகள் 1, நான்கும் ஐந்தும் 0, ஆறு 2, ஏழு 1, எட்டு 0, ஒன்பது 1. ஏழாவது வரி ஆறைவிடக் குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். உச்சத்துக்கு அடுத்த வரியில் குரல் இறங்கினால்தான் நடந்தது உறைக்கும். எட்டாவது வரி அரசாணை, அதில் உணர்ச்சியே கூடாது.

பத்து வரை அளவு வைப்பவர்கள் உண்டு. 6-க்கும் 7-க்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் குரல் ஒரே மாதிரி கீழே விழுது. செய்தி வாசிக்கிற மாதிரி ஆயிடுது.

தமிழில் வினை கடைசியில் வருவதால் இது எளிதில் நேர்கிறது. 'இருந்தது', 'போனார்கள்', 'போய்க்கொண்டிருந்தது', 'வந்தது' என்று வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடிகிறது, குரலும் பழக்கத்தில் அங்கே இறங்குகிறது. நான்கு வாக்கியம் தொடர்ந்து இறங்கினால் தாலாட்டுப் போல ஆகும்.

கதை இன்னும் தொடரும் வரிகளின் முடிவில் மேல்நோக்கிய அம்பு ( ↗ ) போடுங்கள். 'குரலை இறக்காமல் அந்தரத்தில் விடு' என்று பொருள். கேள்வி கேட்பது போல உயர்த்துவது அல்ல. இதைத் தலைக்குறிப்பில் சொல்லாவிட்டால் சிலர் கேள்வியாகவே படித்துவிடுவார்கள். நம் உரையில் மூன்றாவது, ஐந்தாவது வரிகளுக்கு இந்த அம்பு வேண்டும். ஐந்தாவது அந்தரத்தில் நின்றால்தான் ஆறாவது வரி அதன்மேல் வந்து விழும்.

பேர்களை எப்படி உச்சரிக்கணும்னு எழுதறது? தமிழ்ல 'த'வுக்கு ஒரே எழுத்துதானே இருக்கு.

தெரிந்த சொல்லோடு சேர்த்துச் சொல்வது எளிய வழி. தனுஷ்கோடி: 'தர்மம்' என்பதில் வரும் த. தலைமன்னார்: 'தலை' என்பதில் வரும் த. இரண்டும் அருகருகே உள்ள வரிகளில் வருவதால் ஒன்றின் ஒலி இன்னொன்றுக்குத் தாவும். அதனால் இங்கே குறிப்பு அவசியம். பாம்பன் என்பதற்குத் தேவையில்லை, ம்-க்குப் பின் வரும் ப தானாக மெலிந்துவிடும்.

வெளிநாட்டுப் பெயர் வந்தால் நீங்களே சரியாகச் சொல்லி, ஐந்து விநாடிக் குரல் பதிவாக அனுப்பிவிடுங்கள். எழுத்தில் விளக்குவதைவிட அது விரைவு.

எல்லாம் சேர்த்து ஒரு தடவை முழுசா காட்ட முடியுமா?

தலைக்குறிப்பு: / அரை விநாடி, மூச்சு இல்லை. // ஒரு விநாடி, மூச்சு எடுக்கலாம். ↗ குரல் இறங்காது. தடித்த எழுத்து: முன்னால் இடம், சத்தம் கூட்ட வேண்டாம். [ ] உள்ளே இருப்பது படிக்க அல்ல.

> [உறவினருக்கு ஊரைக் காட்டுவது போல. அளவு 1]
> 1. வங்கக் கடலும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் முனையில் / ஓர் ஊர் இருந்தது. //
> 2. ரயில் நிலையம் தபால் நிலையம் / தேவாலயம் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். //
> 3. எழும்பூரில் ரயில் ஏறியவர்கள் இங்கே இறங்கி / கப்பலில் தலைமன்னாருக்குப் போனார்கள். ↗ [2 விநாடி]
>
> [தகவல் மட்டும். அளவு 0]
> 4. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு / டிசம்பர் இருபத்திரண்டு. // நள்ளிரவை நெருங்கும் நேரம். //
> 5. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் / தனுஷ்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ↗ //
>
> [கண்ணால் பார்த்தவர், சின்னக் குரல். அளவு 2]
> 6. கடல் எழுந்து வந்தது. [2 விநாடி]
>
> [பலமுறை சொன்னவர். சமமாக, தாழ்வாக, வேகம் குறையாமல். அளவு 1]
> 7. அந்த ரயில் போய்ச் சேரவில்லை. [3 விநாடி, திரையில் ரயில் நிலையம்]
>
> [அரசாணை போல. அளவு 0]
> 8. ஊரும் மிஞ்சவில்லை. // மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று / அரசு அறிவித்தது. //
>
> [முதல் வரியின் குரலுக்குத் திரும்பவும். அளவு 1]
> 9. தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. // **கூரை** மட்டும் இல்லை.

நிறுத்தங்களைக் கூட்டினால் 18 விநாடி வரும். முன்பு ஒதுக்கிய 15-ஐ அது தாண்டுகிறது. ஒன்றிரண்டு விநாடி குறைக்க வேண்டுமென்றால் முதல் மூன்று வரிகளின் நடுவில் உள்ள ஒற்றைக் கோடுகளை முதலில் எடுங்கள். ஏழாவது வரிக்குப் பின் வரும் மூன்று விநாடியைத் தொடாதீர்கள்.

தடித்த எழுத்து ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இது போதுமா?

இந்த அளவு உரைக்குப் போதும். வரிக்கு ஓர் அழுத்தம் என்று வைத்தால் ஒன்பது வரும், கேட்பவர் எதையும் நினைவில் வைக்க மாட்டார். குறிகள் மிஞ்சிப்போனதை ஒலியிலேயே கண்டுபிடிக்கலாம். படிப்பவர் சொற்களைப் பொருளாகச் சேர்க்காமல், ஒவ்வொரு குறியையும் ஒரு வேலையாக முடித்துக்கொண்டு போவது போல இருக்கும். தொனி வரிக்கு வரி வெட்டி வெட்டி மாறும். அப்படிக் கேட்டால் குறிகளில் பாதியை அடித்துவிட்டு இன்னொரு டேக் எடுங்கள்.

மூணு விநாடி நிறுத்தத்தை எடிட்டரே போட்டுக்கலாமே, வாசிக்கிறவர் எதுக்கு எண்ணணும்?

எண்ண வேண்டியதில்லை. நீளத்தை எடிட்டர் கூட்டிக் குறைத்துக்கொள்வார். ஆனால் அங்கே மௌனம் இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். மௌனத்துக்குப் பின் தொடங்கும் குரல், தொடர்ச்சியாக வரும் குரலைவிட வேறு மாதிரி தொடங்கும். ஏழையும் எட்டையும் ஒட்டிப் படிக்கவைத்து, நடுவில் வெட்டி மூன்று விநாடி சேர்த்தால், எட்டாவது வரி ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று வந்து நின்றது போலத் தொடங்கும்.

பதிவு முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் ஒலியை 30 விநாடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடிட்டர் நீட்டும் மௌனத்துக்கு அடியில் அதைப் போடாவிட்டால், ஒலி திடீரென்று அறுந்துபோனது போலத் தெரியும்.

தாளை எப்படி அமைக்கணும்?

எழுத்து 14 முதல் 16 புள்ளி, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி, வலப்பக்கம் 5 செ.மீ. வெற்றிடம். படிப்பவர் தன் குறிகளை அங்கே போட்டுக்கொள்வார். ஒரு வாக்கியம் இரண்டு பக்கத்தில் உடையக் கூடாது, தாள் திருப்பும் சத்தம் அதன் நடுவில் விழும். வரிகளுக்கு எண் கட்டாயம்.

பி.டி.எஃப்-ஆக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு அவருடைய போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும்.

வாசிக்கிறவர் என் குறியை மாத்திப் படிச்சார், ஆனா கேட்க நல்லாயிருந்தது. என்ன செய்யறது?

அவருடையதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் டேக்கை அவர் விருப்பப்படியும், இரண்டாவதை உங்கள் குறிப்புப்படியும் எடுப்பது நல்ல வழக்கம். மாறிய இடம் படத்தோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். [3 விநாடி] போன்ற, காட்சியோடு கட்டியிருக்கும் நிறுத்தங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. மற்றவை உங்கள் ஊகம்தான்.

நீங்களே படித்துக்காட்டி 'இப்படிச் சொல்லுங்க' என்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் ராகத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பார், பொருள் கழன்றுவிடும்.

ஆடியோ வந்துடுச்சு, ஒரே ஒரு வரி சரியில்லை. திருத்தம் எப்படிக் கேட்கறது?

வரி எண், கோப்பில் அது வரும் நேரம், இப்போது என்ன கேட்கிறது, என்ன வேண்டும் ஆகிய நான்கும் இருந்தால் போதும். உதாரணமாக: 'வரி 9, 0:56. அழுத்தம் மட்டும் என்பதில் விழுகிறது. கூரை என்பதில் வேண்டும்.' 'இன்னும் கொஞ்சம் ஃபீலா வேணும்' என்று அனுப்பினால் அவர் ஒன்பது வரியையும் மாற்றி அனுப்புவார்.

வரி 9-ஐ மட்டும் தனியாகப் படித்து அனுப்பச் சொல்லாதீர்கள். வரி 8-லிருந்து படித்துவரச் சொல்லி, ஒன்பதை மட்டும் எடுத்துப் பொருத்துங்கள். முந்தைய வரி இல்லாமல் தொடங்கினால் குரல் புதிதாக ஆரம்பிப்பது போல உயர்ந்து நிற்கும். மைக்கிலிருந்து அதே தூரத்தில், முடிந்தால் முதல் பதிவு நடந்த அதே வேளையில் எடுக்கச் சொல்லுங்கள். காலைக் குரல் மாலைக் குரலோடு ஒட்டாது.